மறைந்த நிறுவனருக்கு ஒரு நினைவுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் ஒரு பம்ப்செட் நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் நீண்ட காலம் இருந்தேன். எங்கள் நிறுவனர் காலமானபோது, படத்திறப்பு நாளில் பொது மேலாளர் பேச வேண்டிய உரையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதன் பிறகு வேறு நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களும் இதே வேலையோடு என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தருகிறேன். எங்கள் நிறுவனருக்கு எழுதிய உரையையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். குடும்பத்தாரின் விருப்பப்படி யாருடைய பெயரும் இதில் இல்லை.

நாளை மறுநாள் படத்திறப்பு. நான் எவ்வளவு நேரம் பேச வேண்டும்?

ஐந்து நிமிடம். ஆறைத் தாண்ட வேண்டாம்.

நிகழ்ச்சி நிரலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். விளக்கேற்றுவார்கள், படத்தைத் திறந்து மாலை அணிவிப்பார்கள், மௌன அஞ்சலி செலுத்துவார்கள். பிறகுதான் பேச்சு. ஆறு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினால் அதுவே ஒரு மணி நேரம். முன்வரிசையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருப்பார். பதினாறு நாட்களாக வந்துபோகிறவர்களுக்கு நடுவே சரியாக உறங்காதவர். பின்வரிசையில் காலை ஷிப்ட் முடித்து நேராக வந்த தொழிலாளர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். இவர்களை வைத்துத்தான் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

நிதானமாக, நிறுத்தி வாசிக்கும்போது எனக்கு நிமிடத்துக்கு 80 முதல் 90 தமிழ்ச் சொற்கள் போகின்றன. அப்படியானால் ஐந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சொற்கள். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மனதுக்குள் வாசித்து மூன்று நிமிடம் என்று நினைத்த பேச்சு மேடையில் ஐந்தாகிவிடும். கைதட்டலுக்கு நேரம் ஒதுக்க வேண்டாம், அந்த அவையில் யாரும் கைதட்டப் போவதில்லை. ஆனால் தொண்டை அடைக்கும் இடங்களுக்கு நேரம் வேண்டும்.

இருபது வருடம் அவரோடு இருந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் ‘கடின உழைப்பாளி, எளிமையானவர்’ என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லையே?

எனக்கும் அப்படித்தான் ஆனது. முதல் நாள் இரவு எழுதிய இரண்டு பக்கத்தையும் காலையில் படித்துப் பார்த்தேன். அவர் பெயரை எடுத்துவிட்டு ஊரில் உள்ள வேறு எந்த முதலாளியின் பெயரைப் போட்டாலும் அது பொருந்தியது. இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். பெயரை மாற்றியும் நிற்கிற வரிகளையெல்லாம் அடித்துவிடுங்கள். என் முதல் பிரதியில் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வரிதான்.

அதன் பிறகு நான்கு பேரைப் போய்ப் பார்த்தேன். முதலில் சேர்ந்தவர்களில் இன்னும் இருக்கும் ஒரு கடைசல்காரர், ஓய்வுபெற்ற கணக்கர், நிறுவனரின் கார் ஓட்டுநர், நிறுவனரின் மனைவி. “ஐயா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் நால்வரும் ஒரே மாதிரி “தங்கமான மனிதர்” என்றுதான் சொல்வார்கள். எனவே அப்படிக் கேட்கவில்லை. “கடைசியாக உங்கள்மேல் எதற்குக் கோபப்பட்டார்?”, “பணமே இல்லாத மாதத்தில் என்ன செய்தார்?”, “அவர் மேசைமேல் என்ன இருக்கும்?” என்று கேட்டேன். கோபத்தைப் பற்றிக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்ந்தது. ஒவ்வொருவரும் அரை மணி நேரம் பேசினார்கள்.

மேசையைப் பற்றிக் கேட்டபோதுதான் எங்கள் உரையே கிடைத்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழுப்பேறிய ஒரு சீட்டு பல ஆண்டுகளாக இருந்தது. அதில் இரண்டு எண்கள் மட்டும் எழுதியிருந்தன. எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள், அது என்ன என்று கடைசல்காரர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

ஒருவர் சொல்லும் கதை உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறுவனர் கதைகள் ஆண்டுக்கு ஆண்டு வளரும். கடைசல்காரர் சொன்ன செய்தி இது: ஒரு காலத்தில் எங்கள் மோட்டாரில் குறை இருப்பது தெரிந்ததும், விற்றுப்போனவற்றை ஐயா தேடித் திரும்ப வாங்கினார், இரண்டு மட்டும் கிடைக்கவில்லை, அந்த இரண்டின் எண்கள்தான் அந்தச் சீட்டில் இருப்பவை. எத்தனை மோட்டார் திரும்ப வாங்கினார் என்று கேட்டேன். “பத்துப் பன்னிரண்டு இருக்கும்” என்றார். ஓட்டுநர் நாற்பது என்றார். விற்பனைப் பிரிவில் ஒருவர் இருநூறு என்று அடித்துச் சொன்னார்.

நல்ல வேளையாக 1986-ஆம் ஆண்டின் அனுப்புகைப் பதிவேட்டைக் கணக்கர் பத்திரப்படுத்தியிருந்தார். அதில் ஒரு பக்கத்தில் பதினொரு மோட்டார் எண்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். ஒன்பதுக்கு நேராகச் சரி என்ற குறி இருந்தது. குறியில்லாத இரண்டு எண்களையும் சீட்டில் இருந்த எண்களோடு வைத்துப் பார்த்தேன். ஒத்துப்போயின. அன்று அந்தக் கிடங்கில் நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பொது மேலாளரிடம் சொன்னபோது, “இருநூறு என்றே சொல்லலாமே, கேட்க நன்றாக இருக்கும்” என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். நான் உறுதியாக மறுத்தேன். இருநூறு மோட்டாரைத் திரும்ப வாங்கினார் என்றால் அது நிறுவனத்தின் செய்தி. பதினொன்றுக்காக ஊர் ஊராக ஆள் அனுப்பினார் என்றால் அதில் அந்த மனிதர் தெரிகிறார். அதோடு, அந்தப் பதினொன்றில் சிலவற்றைத் திரும்பக் கொண்டுவந்த தொழிலாளி ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். இருநூறு என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு எண்ணுக்குப் பிறகு நாங்கள் சொன்ன எதையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

தொடங்கிய ஆண்டிலும் இதே குழப்பம் வரும். பட்டறை போட்ட ஆண்டு ஒன்று, நிறுவனமாகப் பதிவு செய்த ஆண்டு வேறு, பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது மூன்றாவதாக ஒன்று. எங்கள் நிறுவனர் விஷயத்தில் முதல் லேத் வாங்கிய ரசீது 1971 என்றது, பதிவுச் சான்று 1978 என்றது. “1971-இல் பட்டறை தொடங்கினார்” என்று எழுதினோம். ‘பட்டறை’ என்ற சொல் அதைச் சரியாக்கிவிடுகிறது. ‘நிறுவனத்தைத் தொடங்கினார்’ என்று எழுதியிருந்தால் தவறாகியிருக்கும்.

மேடையில் இருப்பவர்கள் பெயரையெல்லாம் சொல்லித்தானே தொடங்க வேண்டும்? விட்டால் கோபித்துக்கொள்வார்களே?

தொகுத்து வழங்குபவர் எல்லோருடைய பெயரையும் ஏற்கெனவே சொல்லியிருப்பார். ஆறு பேச்சாளர்களும் தனித்தனியாகத் தலைவர், சிறப்பு விருந்தினர், தொழிற்சங்கத்தார், வங்கி மேலாளர் என்று விளித்தால் பத்து நிமிடம் அதற்கே போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தில் மறைந்தவர் பெயர் ஒருமுறைகூட வராது.

குடும்பத்தாரை முதலில் வைத்து ஒரே வரியில் வணக்கம் சொல்லுங்கள். மறைந்தவரின் மனைவி அமர்ந்திருக்கும் அவையில் வேறு யாரையும் அவருக்கு முன்னால் வைக்கத் தேவையில்லை. அந்த வரிசையைப் பார்த்து யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அப்படி யாராவது வருத்தப்படக்கூடும் என்று தோன்றினால், முந்தைய நாளே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வணக்கத்துக்கு அடுத்த வரியிலேயே அவரைக் கொண்டுவாருங்கள். “கனத்த இதயத்தோடு உங்கள் முன் நிற்கிறேன்” என்று தொடங்கினால் அது உங்களைப் பற்றிய வரி. எல்லோரும் எடுக்கும் அந்த ஒரு குறளோடு தொடங்கினால், உங்களுக்கு முன் பேசியவர் அதைச் சொல்லி முடித்திருப்பார். எங்களுக்கு முன் பேசிய இருவர் சொன்னார்கள்.

முழு உரை ஒன்றைக் காட்ட முடியுமா?

பொது மேலாளர் அன்று பேசியது இதுதான். ஐந்து நிமிடத்துக்குள்ளேயே முடிந்தது.

“அம்மா அவர்களுக்கும், குடும்பத்தாருக்கும், ஐயாவோடு வேலை செய்த எல்லோருக்கும் வணக்கம்.

ஐயாவின் அறைக்குள் போனவர்கள் அவருடைய மேசைக் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடியில் ஒரு முருகன் படம் இருக்கும். பேத்தி வரைந்த பூ ஒன்று இருக்கும். பழுப்பேறிய சிறிய சீட்டு ஒன்று இருக்கும். அந்தச் சீட்டில் இரண்டு எண்கள் மட்டும்தான். அது என்னவென்று ஒருமுறை கேட்டேன். ‘கடன்’ என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அது என்ன கடன் என்று அவர் மறைந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1986-ஆம் ஆண்டு. நான் இங்கே வேலைக்குச் சேர்வதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு. உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, எரிந்துபோன நம் மோட்டாரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மின்னழுத்தம் குறைந்து எரிந்திருக்கும் என்று நம் ஆட்கள் சொன்னார்கள். ஐயா அதை ஏற்கவில்லை. தம் கண்முன்னால் பிரிக்கச் சொன்னார். சுருள் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே வைக்கிற காப்புத்தாளை அரை விரற்கடை குறைவாக வெட்டியிருந்தோம். தவறு நம்முடையது.

அந்த விவசாயிக்குப் புது மோட்டார் கொடுத்து, சாப்பிட வைத்து அனுப்பினார். அதோடு விட்டிருக்கலாம். அன்று மாலையே அனுப்புகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதே தாளைப் போட்ட மோட்டார்கள் இன்னும் எத்தனை வெளியே போயிருக்கின்றன என்று எண்ணினார். பதினொன்று. வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் திரும்ப வாங்கிவர ஊர் ஊராக ஆள் அனுப்பினார். ஒன்பது கிடைத்தன. இரண்டு கைமாறிப் போயிருந்தன.

அந்த இரண்டின் எண்கள்தான் கண்ணாடிக்கு அடியில் இருந்தவை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றின்மேல் கை வைத்துத்தான் அவர் ஒவ்வொரு கையெழுத்தையும் போட்டிருக்கிறார்.

ஐயா கோபக்காரர். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் இங்கே குறைவு. நானும் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை அது என் தவறே இல்லை. மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, ‘நேற்று நான் பேசியது தப்பு’ என்றார். நான்கு பேர் முன்னால் திட்டியிருந்தார். அதே நான்கு பேர் வந்து சேரும்வரை காத்திருந்துதான் அதைச் சொன்னார்.

1971-இல் வாடகைக் கொட்டகையில், ஒரு லேத்தை வைத்துக்கொண்டு, அவரும் அவருடைய கூட்டாளியும் தொடங்கிய பட்டறை இது. இன்று 240 குடும்பங்கள் இதில் வாழ்கின்றன. அம்மா, அந்த முதல் ஆண்டுகளில் சம்பள நாளன்று உங்கள் வளையல்கள் இரண்டு முறை அடகுக்கடைக்குப் போய் வந்ததைப் பழைய கணக்கர் சொன்னார். அதற்கும் நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

ஐயாவின் மேசையை அப்படியே வைத்திருக்கிறோம். சீட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு மோட்டாரில் ஒன்று என்றாவது நம் வாசலுக்கு வந்தால், என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

வணக்கம்.”

இதில் இல்லாதவற்றையும் பாருங்கள். அவர் வாங்கிய விருதுகள் இல்லை, விற்றுவரவு இல்லை, ஏற்றுமதி செய்த நாடுகள் இல்லை. என் முதல் பிரதியில் எல்லாம் இருந்தன, ஒன்பது நிமிடம் ஓடியது. அவற்றை நினைவு மலருக்கு மாற்றினோம், அச்சில் அவை நன்றாகவே இருந்தன. நினைவு மலரை வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம். பேச்சைக் காதால் கேட்டு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், காதில் ஒரு கதைதான் தங்கும்.

இன்னொன்று: நேர்மையானவர், பொறுப்பானவர் என்ற சொற்களை நான் இந்த உரையில் எங்குமே எழுதவில்லை. பதினொரு மோட்டாரின் கதையைக் கேட்ட பிறகு அவற்றைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

எங்கள் நிறுவனருக்கு ஊரே ஒரு பட்டம் கொடுத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

சொல்லுங்கள், ஆனால் அதில் சாய்ந்துகொள்ள வேண்டாம். கோவையின் ஜி.டி. நாயுடுவை ‘இந்தியாவின் எடிசன்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைக் கேட்டால் நமக்கு எடிசன்தான் நினைவுக்கு வருகிறார். அதற்குப் பதிலாக, அவர் 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார் என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பாதையில் போய்வந்த யாருக்கும் உடனே ஒரு மண் சாலையும் ஒரு பஸ்ஸும் கண்ணில் தெரியும். பட்டத்தைத் தொகுப்பாளர் சொல்லட்டும். நீங்கள் அந்தப் பஸ்ஸைப் பற்றிப் பேசுங்கள்.

அவருக்குக் கோபம் அதிகம், பிடிவாதம் அதிகம். இறந்தவரைப் பற்றி அப்படிச் சொல்லலாமா?

அவையில் எல்லோருக்கும் தெரிந்த குறையை மட்டும் சொல்லலாம். அதுவும் அன்போடு, ஒரே ஒருமுறை. மறைத்தால் நீங்கள் வேறு யாரைப் பற்றியோ பேசுகிறீர்கள் என்று கேட்பவர்கள் நினைப்பார்கள்.

ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபின் 2011 அக்டோபர் 19 அன்று ஆப்பிள் தலைமையகத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. அதில் வடிவமைப்புத் தலைவர் ஜோனி ஐவ் பேசினார். ஜாப்ஸ் தம்மிடம் அடிக்கடி ஒரு அசட்டு யோசனையோடு வருவார் என்றும், சில நேரங்களில் அது உண்மையிலேயே அசடாக இருந்தது என்றும், சில நேரங்களில் அந்த யோசனை அறையில் இருப்பவர்களை மூச்சடைக்க வைத்துவிடும் என்றும் சொன்னார். வெளியூர்ப் பயணத்தில் விடுதி அறைக்குப் போனதும் பெட்டியைப் பிரிக்க மாட்டாராம். இந்த விடுதி சரியில்லை, கிளம்பலாம் என்று ஜாப்ஸிடமிருந்து தொலைபேசி வரும் என்று காத்திருப்பாராம். அவ்வளவு பெரிய மனிதரின் பிடிவாதத்தைப் பிரிக்காத ஒரு பெட்டியில் காட்டிவிட்டார். அவையும் சிரித்தது, அவருடைய அன்பும் யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

எங்கள் உரையில் கோபத்தைப் பற்றி வரும் வரிகளைப் பொது மேலாளர் முதலில் எடுத்துவிடச் சொன்னார். குடும்பத்தாரிடம் காட்டியபோது, அது இருக்கட்டும் என்று சொன்னவர் அவருடைய மகள். ஒரு வரம்பு உண்டு: யாரையாவது நிரந்தரமாகக் காயப்படுத்திய கோபம் என்றால் அதை மேடையில் நகைச்சுவையாக்கக் கூடாது. அந்த மனிதரும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

பிரிந்துபோன கூட்டாளி, பழைய வேலைநிறுத்தம், மகன்களுக்கு இடையே இருக்கும் வழக்கு. இவற்றையெல்லாம் என்ன செய்வது?

மூன்றும் மூன்று விதம்.

கூட்டாளியை விட்டுவிடக் கூடாது. தொடக்கத்தில் இருவர் இருந்தார்கள் என்றால் இருவர் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் உரையில் ‘அவரும் அவருடைய கூட்டாளியும்’ என்ற மூன்று சொற்களுக்காக ஒரு மாலை முழுவதும் பேச வேண்டியிருந்தது. பிரிந்த காரணத்தைச் சொல்லத் தேவையில்லை, பிரிந்தார்கள் என்பதையும் சொல்லத் தேவையில்லை. ஆனால் ‘தனியொருவராகத் தொடங்கினார்’ என்று எழுதியிருந்தால், பழைய ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டாளி கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்கத்தின் சார்பில் பேசுபவரிடம் விட்டுவிடுங்கள். நிர்வாகத்தின் வாயிலிருந்து அது வந்தால் நியாயம் பேசுவதுபோல ஆகிவிடும். எதிரில் நின்றவரே எழுந்து, “சண்டை போட்டோம், ஆனால் அந்த மாதமும் எங்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்தவில்லை” என்று சொன்னால், அதற்கு இருக்கும் எடையே வேறு.

வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ‘அவருடைய உண்மையான வாரிசு’, ‘அவர் கனவை முன்னெடுத்துச் செல்லும் மூத்தவர்’ போன்ற சொற்கள் கேட்க நல்லவைபோல இருக்கும், ஆனால் அவை ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட சொற்கள். பிள்ளைகளை எல்லோரையும் சேர்த்து ‘குடும்பத்தார்’ என்று சொன்னால் போதும். புதிய தொழிற்சாலை, புதிய தலைமை, போனஸ் பற்றிய அறிவிப்புகளையும் அந்த மேடையில் செய்யாதீர்கள். அன்று மாலைக்குள் எல்லோரும் அறிவிப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

‘இறந்தார்’ என்று எழுதலாமா? ‘இயற்கை எய்தினார்’ என்றா, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றா?

குடும்பத்தார் அச்சிட்ட அழைப்பிதழையோ, நாளிதழில் கொடுத்த அறிவிப்பையோ எடுத்துப் பாருங்கள். அதில் என்ன சொல் இருக்கிறதோ அதுவே உங்கள் சொல். சைவக் குடும்பம் ‘சிவலோக பதவி அடைந்தார்’ என்று போட்டிருக்கலாம், வைணவர்கள் ‘வைகுண்ட பதவி’ என்றும், கிறிஸ்தவர்கள் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றும், முஸ்லிம்கள் ‘வஃபாத்தானார்’ என்றும் போடுவார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் ‘இயற்கை எய்தினார்’ என்பார்கள், அவர்களுடைய மேடையில் ஆன்மா சாந்தியடைய வேண்டினால் மறைந்தவரின் கொள்கையையே மறுப்பதாகும். ‘காலமானார்’, ‘மறைந்தார்’ ஆகிய இரண்டும் எங்கும் பொருந்தும். அறிவிப்பு கையில் இல்லையென்றால் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை நாட்களை விவரிக்க வேண்டாம். அந்த நாட்களை மறக்கத்தான் குடும்பத்தார் போராடிக்கொண்டிருப்பார்கள்.

பேசும்போது அழுதுவிட்டால்?

அழுகை வந்தால் நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள், தாளைப் பாருங்கள், அடுத்த வரியை வாசியுங்கள். மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

வாசித்துப் பழகும்போதே எந்த வரியில் குரல் உடைகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் பொது மேலாளருக்கு அது வளையல் பற்றிய வரியில் உடைந்தது. அந்த வரியைச் சிறு வாக்கியங்களாக உடைத்துப் பார்த்தோம், அப்போதும் முடியவில்லை. கடைசியில், அந்த இடத்தில் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்து வாசிப்பது என்று முடிவு செய்தோம். அடுத்த வரிக்கு வந்த பிறகு நிமிர்ந்து பார்த்தார். தாளில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்.

உண்மையிலேயே தொடர முடியாமல் போனால் வாசித்து முடிக்க ஒருவரிடம் முன்கூட்டியே இன்னொரு பிரதியைக் கொடுத்து வையுங்கள்.

தனக்கு இப்படிக் கூட்டமெல்லாம் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். இப்போது என்ன செய்வது?

அவர் எதை வேண்டாம் என்றார் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 1991-இல் காலமான ஹோண்டா நிறுவனர் சோய்ச்சிரோ ஹோண்டா, தமக்கு நிறுவனத்தின் சார்பில் பெரிய இறுதிச்சடங்கு நடத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கார் தயாரிக்கும் நிறுவனம் தன் சடங்கால் சாலையில் நெரிசலை உண்டாக்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். நிறுவனத்தார் அதை மதித்தார்கள். சடங்குக்குப் பதிலாக, தங்கள் இடங்களிலேயே ‘நன்றி சொல்லும் கூட்டம்’ என்ற பெயரில் எளிமையாக நடத்தினார்கள்.

உங்களவர் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பந்தல் போடுவதை வேண்டாம் என்றிருந்தால், ஆலை வளாகத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தில் அரை மணி நேரம் கூடலாம். அப்போது ஒருவர் பேசினால் போதும். அவர் அப்படிச் சொல்லியிருந்தார் என்பதையும் பேச்சில் சேருங்கள். அவரைக் காட்டும் வரிகளில் அதுவும் ஒன்று.

உரையை முன்னதாக யாரிடம் காட்ட வேண்டும்?

குடும்பத்தில் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம். ஐந்து பேரிடம் காட்டினால் ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள், உரை மறுபடியும் ஒன்பது நிமிடமாகிவிடும். வீட்டுச் செய்தி ஏதாவது இருந்தால், அது யாரைப் பற்றியதோ அவருடைய அனுமதி தனியாக வேண்டும். வளையல் அடகுக்குப் போனதை மேடையில் சொல்லலாமா என்று கேட்க நானே அம்மாவின் வீட்டுக்குப் போனேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இரண்டு முறை இல்லை தம்பி, மூன்று முறை” என்றார். திருத்தட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், மூன்றாவது அவருக்கே தெரியாது” என்றார்.

உரையில் இரண்டு என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.